நெஞ்சு வலிக்கு சோடா வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்கு ஒரு சின்னக் கதை சொல்றோம். ஆட்கள் கற்பனை; சிகிச்சை முறை நிஜம்.

சித்திரைத் தேர் நேரம். அவிநாசி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. திருப்பூர் பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கிய 54 வயது தறிக்காரர் ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. "வாயுங்க, சோடா வாங்கிக் கொடுங்க" என்றார் ஒருவர். "எந்திரிச்சு நாலு எட்டு நடங்கண்ணா, சரியாயிரும்" என்றார் இன்னொருவர். அவர் மனைவி மட்டும் "இவுரு இப்படி வேர்த்துப் பாத்ததே இல்லீங்க" என்று 108-க்குப் போன் செய்யச் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய சேவை இது. வண்டியில் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளரும் வருவார். வந்த தம்பி முதலில் கூட்டத்தை விலக்கிக் காற்று வரவிட்டார். அவரை நடக்க விடவில்லை. சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வைத்தார். நடந்தால் இதயத்துக்கு வேலை கூடும். சோடாவையும் தண்ணீரையும் தடுத்தார். மயங்கி வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

"வலி எப்போ ஆரம்பிச்சுதுங்கம்மா?"

"9.10 இருக்கும் தம்பி. பஸ் நின்ன உடனேதானுங்க."

"எங்கெங்க வலிக்குதுங்கண்ணா?"

"நெஞ்சுல பாறாங்கல்ல வெச்ச மாதிரி இருக்குது. இடது கையும் தாடையும் இழுக்குது."

வேறு நோய், சாப்பிடுகிற மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வயிற்றுப் புண், ரத்தக்கசிவு எல்லாம் கேட்டார். மனைவி பையிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நாடி 52. ரத்த அழுத்தம் 90/60. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 96.

"ஆக்சிஜன் வைக்கலீங்களா?" என்று கேட்டார்கள். "96 இருக்குதுங்க, போதும். குறைஞ்சாத்தான் வைக்கணும்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, தன் வீட்டுக்காரருக்கு வாங்கிய நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நீட்டினார். நல்ல மனசுதான். ஆனால் தம்பி வாங்கவில்லை. அந்த மாத்திரை ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே 90-ல் இருப்பவருக்குக் கொடுத்தால் அங்கேயே சுருண்டு விழலாம். அதனால்தான் ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குத் தரக்கூடாது.

கட்டுப்பாட்டு அறை டாக்டரோடு போனில் பேசினார். அவர் சொன்னபடி 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்தார். விழுங்குவதை விட மென்றால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். ரத்தம் மேலும் உறைவதைத் தடுக்கும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் படுக்க வைத்து, கையில் ஊசி போட்டு, டாக்டர் சொன்ன அளவு சலைன் ஏற்றினார். அந்த வண்டியில் இ.சி.ஜி. கருவி இருந்தது. அதில் மாரடைப்பு தெரிந்தது. உடனே கோவை அரசு மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். வழியில் அடிக்கடி நாடியும் அழுத்தமும் பார்த்தார். இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தவும், மின் அதிர்ச்சி கொடுக்கவும் தயாராகவே இருந்தார்.

வலி ஆரம்பித்த நேரத்தை மனைவி சரியாகச் சொன்னதால், அடைப்பை எப்படி நீக்குவது என்று அங்குள்ள டாக்டர்களால் சீக்கிரம் முடிவு செய்ய முடிந்தது. அவர் பிழைத்தார். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே போகும். சோடா குடித்து ஒரு மணி நேரம் காத்திருந்திருந்தால் அவ்வளவு தசையும் போயிருக்கும்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படிப் பெரிய வலி வராமலும் போகலாம். மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று மட்டும் வரும். "வேலை செஞ்ச அலுப்பு" என்று நாமே தள்ளிவிடுவோம். திடீரென்று வியர்வையோடு வந்தால் தள்ளிப் போடக் கூடாது.

108 கிடைக்கத் தாமதமானால் கிட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

கடிகாரத்தைப் பார்த்து வலி ஆரம்பித்த நேரத்தை மனதில் வையுங்கள். மாத்திரை அட்டையைப் பையில் வையுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள்.