காலண்டர் தாளில் ஒரு குறள்

தினசரி காலண்டர் தாளில் குறளுக்கு உரை எழுத மூன்று, நான்கு வரிகள்தான் இடம். 501-ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் வழியே ஒருவரை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்கிறது. ‘நான்கினாலும் ஆராய்ந்து தெளிக’ என்று மட்டும் உரை எழுதினால், எப்படி ஆராய்வது என்பது வாசகருக்குப் புரியாது. குறளின் கடினமே அங்கேதான் இருக்கிறது.

பரிமேலழகர் இவற்றை அரசன் அமைச்சருக்கு மறைமுகமாக வைக்கும் சோதனைகளாக விளக்குகிறார். உதாரணமாக, ‘அரசன் அறமில்லாதவன், வேறொருவனை அமர்த்துவோம்’ என்று சொல்ல ஆளனுப்பி அவர் மனத்தை ஆழம் பார்ப்பது. அதையே தாளில் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஆனால் குறளில் இந்தச் சூழ்ச்சி இல்லை. அதே அதிகாரத்தின் 504, 505-ஆம் குறள்கள் குணம், குற்றம், செயல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கின்றன. பொறி வைக்கச் சொல்லவில்லை. சுவையான கதை குறளையே மறைத்துவிடும்.

நான் இப்படி எழுதுவேன்: ‘பொறுப்பை ஒப்படைக்கும் முன், அறத்தின் பெயரால் தூண்டினாலும், பணமோ இன்பமோ இழுத்தாலும், உயிருக்கே ஆபத்து வந்தாலும் நிலைமாறாதவரா என்று பாருங்கள்.’ சூழலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதற்குத் தாளில் தாராளமாக இடமிருக்கிறது.