பொதுப்பேரவையில் தலைவர் உரை



கழுகுமலைக் கரிசலில் விதைப்புக்கு முன் கூடியிருக்கிறோம். என் வலப்புறம் இருப்போர் துணைத்தலைவரும் நீங்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவினரும். இடப்புறம் செயலாளர், அவர் சங்கத்தில் ஊதியம் பெறும் பணியாளர்.

நிகழ்ச்சி நிரலில் முதலாவது சென்ற கூட்டத் தீர்மானங்கள். இரண்டாவது தணிக்கை அறிக்கை. மூன்றாவது லாபப் பிரிவினை. நான்காவது வரவு செலவுத் திட்டம். இரண்டாவதைத் தெளிவாகக் கேட்டறியாமல் மூன்றாவதற்குக் கை தூக்காதீர்கள்.

உதாரணமாக, ஏட்டில் லாபம் ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் ரூ.80,000 தவணை தவறியோர் கட்டாத வட்டியானால், கைக்கு வந்த லாபம் ரூ.20,000 தான். கட்டாத வட்டிக்கு ஒதுக்கீடு செய்த பிறகே பங்கு ஈவு பற்றிப் பேசலாம். இல்லையேல் ஈவு கொடுக்கவே கடன் வாங்க நேரும். புரட்டாசியில் உளுந்து விதைக்கக் கடன் கேட்பவருக்குச் சங்கத்தில் பணம் இராது.

ஆகவே தவணை தவறிய வட்டி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். செயலாளர் இப்போது தீர்மானங்களை வாசிப்பார்.