கேப்டன் பட்டை யாருக்கு?

(அறக்கட்டளையின் மாதாந்தரப் பெற்றோர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எங்கள் பள்ளி வாலிபால் அணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலும், அணியின் கேப்டனை நாங்கள் எப்படித் தயார் செய்கிறோம் என்ற ஒரே விஷயம். முதலில் நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவ்வளவு உயரத்துக்கு எழும்பி அடிப்பவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதைப் பார்த்து அவனையே கேப்டன் ஆக்கினேன். குறுவட்டப் போட்டி. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து மூன்றாவது செட். அது 15 புள்ளி ஆட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் 13, எதிரணி 12. அவர்கள் அடித்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. நடுவர் உள்ளே என்றார். 13க்கு 13. எங்கள் கேப்டன் நடுவரை நோக்கி ஓடினான், அவன் பின்னால் நான்கு பேர் ஓடினார்கள். இரண்டாவது செட்டிலேயே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தோம். இப்போது சிவப்பு அட்டை. வாலிபாலில் சிவப்பு அட்டை என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் போய்விடும். 13க்கு 14. அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது.

வேனில் திரும்பி வரும்போது அவனைக் கோபித்துக்கொண்டேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், நடுவர்கிட்ட நான் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லித் தரவே இல்லையே?" உண்மைதான். ஸ்மாஷ் அடிக்க மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தேன். கேப்டன் வேலைக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்கவில்லை. ஜெர்சியில் ஒரு பட்டையை ஒட்டிவிட்டால் கேப்டன் ஆகிவிடுவான் என்று நினைத்துவிட்டேன்.

நன்றாக ஆடுபவன் வேறு, நன்றாக அணியை நடத்துபவன் வேறு. கிரிக்கெட்டில் இதற்கு ஒரு கண்கூடான உதாரணம் இருக்கிறது. 1981இல் இங்கிலாந்தின் கேப்டன் இயன் போத்தம். அந்த அணியிலேயே பெரிய ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் அவர் தலைமையில் ஆடிய 12 டெஸ்டில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. லார்ட்ஸ் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். அவர் பதவி விலகியதும் மைக் பிரியர்லியைத் திரும்ப அழைத்தார்கள். பிரியர்லி டெஸ்டில் ஒரு சதம்கூட அடித்ததில்லை, அவருடைய சராசரி 23க்கும் கீழே. அடுத்த டெஸ்ட் லீட்ஸ் நகரில். ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 149 அடித்தவர் யார் தெரியுமா? கேப்டன் பாரம் இறங்கிய அதே போத்தம்! ஒரு பிள்ளைக்குப் பொருந்தாத பொறுப்பைக் கொடுத்தால், பொறுப்பும் கெடுகிறது, அவன் ஆட்டமும் கெடுகிறது.

அடுத்த வருடத்திலிருந்து முறையை மாற்றினோம். ஜூன் மாதம் அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம். இரண்டு கேள்விகள். தோற்கும் நிலையில் யார் சொன்னால் நீ கேட்பாய்? புதிதாக ஒரு பையன் வந்தால் அவனை யாரிடம் விடுவாய்? சீட்டில் தன் பெயர் எழுத வேண்டாம். யாருக்கு எத்தனை சீட்டு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அது தேர்தல் ஆகிவிடும். தெருவுக்குத் தெரு ஆள் பிடிப்பார்கள். முடிவு ஆசிரியர்களுடையதுதான். ஆனால் சீட்டைப் பார்த்தால் நமக்குத் தெரியாத பெயர்கள் வரும். முதல் வருடம் இரண்டு கேள்விக்கும் அதிகம் வந்த பெயர், ஒன்பதாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையனுடையது. செட்டர். பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்.

அவனுக்கு வழிகாட்டியாக யாரைப் போடுவது? பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைத் தொட மாட்டோம், அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பிலிருந்துதான் எடுப்போம். சிவப்பு அட்டை வாங்கிய அதே பையன் அப்போது பதினொன்றில் இருந்தான். அவனையே போட்டேன். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்கும் முழு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

பத்து வாரத் திட்டம். முதல் இரண்டு வாரம் பெரிய வேலை எதுவும் இல்லை. பந்துகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது, வலை தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, பத்து நிமிட வார்ம்அப்பை நடத்துவது. அப்புறம் ஒரு பயிற்சியை அவனே நடத்த வேண்டும். ஒரு வாக்கியத்தில் சொல், ஒரு முறை செய்து காட்டு, பிறகு அவர்களைச் செய்ய விடு. பேச வராத பையனுக்கு இது சிரமம் என்று நினைத்தேன். உண்மையில் பேச்சுப் பழகிய பையன்களுக்குத்தான் சிரமம், அவர்களால் ஒரு வாக்கியத்தில் நிறுத்த முடிவதில்லை.

ஐந்தாவது வாரத்தில் நடுவரிடம் பேசும் பயிற்சி. இதை நான் விடுவதே இல்லை. களத்தில் நிற்கும் கேப்டன் ஒருவன்தான் நடுவரிடம் பேசலாம், அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாதபோது. எந்த விதிப்படி அந்த முடிவு என்று விளக்கம் கேட்கலாம். இரு அணிகளின் பொசிஷன் சரியா என்று பார்க்கச் சொல்லலாம். வலை, பந்து, தரை சரியில்லை என்றால் சொல்லலாம். விளக்கம் திருப்தி தராவிட்டால், ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் ஆட்சேபம் எழுதுவேன் என்று உடனே சொல்லி வைக்கலாம். கோட்டின் மேல் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று வாதாட முடியாது. பயிற்சி ஆட்டத்தில் நானே நடுவராக நின்று வேண்டுமென்றே தப்பாக விசில் ஊதுவேன். கேப்டன் முதலில் செய்ய வேண்டியது என்னிடம் வருவதல்ல. கையை நீட்டித் தன் அணியைப் பின்னால் நிறுத்துவது. அந்தக் கை நீள நான்கைந்து ஆட்டம் பிடிக்கும்.

வழிகாட்டியின் வேலை என்ன? வெளியே நின்று ஒரு நோட்டில் கோடு போடுவது. கேப்டன் ஒருவன் பெயர் சொல்லி என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒரு பக்கம் கோடு, குற்றம் மட்டும் சொன்னால் மறுபக்கம் கோடு. "பின்னால் வா" என்பது முதல் பக்கம். "எங்கே பார்க்கிறே?" என்பது இரண்டாவது பக்கம். வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? அடுத்த முறை என்ன செய்வாய்? இளையவன் பதில் சொல்லி முடிக்கும் வரை மூத்தவன் தன் கருத்தைச் சொல்லக் கூடாது.

சொல்வது எளிது. மூன்றாவது வாரமே தடம் மாறியது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் நம் செட்டர் வெளிக்கோட்டைத் திரும்பிப் பார்க்கிறான். ஏன் ஆளை மாற்றினாய் என்று கேட்டால், "காக்கா சொன்னாங்க சார்". யார் சர்வீஸ் போடுவது என்று கேட்டாலும் "காக்கா சொன்னாங்க". இந்த ஒரு பதில் திரும்பத் திரும்ப வந்தால் புரிந்துகொள்ளுங்கள், கேப்டன் வெளியே நிற்கிறான், உள்ளே நிற்பது அவனுடைய பொம்மை. மூத்தவனைத் திட்டவில்லை. கலையரங்கப் படிக்கட்டில், குரல் எட்டாத தூரத்தில் உட்கார வைத்தேன். நோட்டு மட்டும் கையில். முதல் நாள் அவன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! எழுந்து எழுந்து உட்கார்ந்தான். அந்த வாரம் அணியும் மோசமாகத்தான் ஆடியது. அந்தத் தோல்வியை நாம் பொறுத்துக்கொள்ளாவிட்டால் இந்தத் திட்டமே வீண்.

உண்மையான சோதனை ஏழாவது வாரம் வந்தது. தாமதமாக வருபவன் முதல் செட்டில் இறங்கக் கூடாது என்று பையன்கள் தாங்களே போட்ட விதி. தாமதமாக வந்தவன் கேப்டனின் சொந்தச் சாச்சா மகன். இவன் கண்டுகொள்ளாமல் இறக்கிவிட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று யாரும் பந்துக்கு விழுந்து எடுக்கவும் இல்லை. பதினைந்து நிமிடப் பேச்சில் மூத்தவன் நோட்டைக் காட்டி, "இன்னைக்கு முதல் பக்கத்துல கோடே இல்லையே, ஏன்?" என்று மட்டும் கேட்டானாம். இளையவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன்கிட்ட சொல்ல முடியலை, அதனால மத்தவங்ககிட்டயும் சொல்ல முடியலை" என்றானாம். அடுத்த வாரம் அந்தப் பையன் மறுபடியும் தாமதம். உட்கார வைத்தான்.

மறுநாள் காலை அந்தப் பையனின் வாப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். "ரத்த சொந்தம் சார், வெளியே உட்கார வைக்கலாமா?" என்று கேட்டார். நான் கேப்டனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தால் அன்றோடு அவன் கேப்டன் வேலை முடிந்திருக்கும். விதியையும் வருகைப் பதிவையும் நானே அவரிடம் காட்டினேன். அவர் சமாதானம் ஆகவில்லை. இரண்டு வாரம் மகனை அனுப்பவும் இல்லை. பிறகு அனுப்பினார். பெற்றோரிடம் நான் வேண்டுவது இதுதான்: குறை இருந்தால் என்னிடம் வாருங்கள், பதினான்கு வயதுப் பையனைத் தெருவில் நிறுத்திக் கேட்காதீர்கள்.

மூத்தவன், இளையவன் என்று சேர்த்துவிடுகிறீர்களே, ஏதாவது தப்பு நடந்தால் என்று உம்மாமார்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சு எப்போதும் வராந்தாவில், ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில். இரவில் போனில் பேச்சு கிடையாது, பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மாதம் ஒருமுறை இளையவனிடம் நான் தனியாகப் பேசுவேன். மூத்தவன் தன் பையைத் தூக்கச் சொல்கிறான், கடைக்கு அனுப்புகிறான் என்று தெரிந்தால் அன்றே ஜோடியைப் பிரித்துவிடுவோம். இதுவரை ஒரு ஜோடியைப் பிரித்திருக்கிறோம். பெண்கள் அணிக்கு வழிகாட்டிகள் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளே. மாலையில் தங்குவது பல வீடுகளில் தடையாக இருந்ததால் அவர்களுடைய பேச்சை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலிருந்தும் மறுப்பு வரவில்லை. ரமளானில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, எழுத்து வேலையும் பேச்சும் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

அந்த வருடம் கோப்பை வாங்கினீர்களா என்று கேட்பீர்கள். இல்லை, அரையிறுதியில் தோற்றோம். இரண்டாவது செட்டில் ஒரு சர்ச்சையான விசில் வந்தது. எங்கள் செட்டர் கையை நீட்டினான், ஐந்து பேரும் நின்றார்கள். நடுவரிடம் போய், எங்கள் பொசிஷனைப் பார்க்க முடியுமா சார் என்று கேட்டான். பார்த்தார்கள். தவறு எங்கள் பக்கம்தான். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தான். கேலரியில் மூத்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

வரும் ஜூனில் புதிய சீட்டு எழுதப்படும். அதற்கான சம்மதப் படிவம் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள், அஸருக்குப் பிறகு முக்கால் மணி நேரம். மஃக்ரிபுக்கு முன் பிள்ளை வீட்டில் இருப்பான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.