முரளி கபே முதல் ‘ப்யூர் வெஜ்’ பொத்தான் வரை

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் கூட்டம் முடிந்ததும் போனை எடுத்து ராத்திரி சாப்பாட்டுக்கு ஆர்டர் போடுவீர்கள். நானும் போடுவேன். அதனால் இது ‘ஆப்பை நீக்குங்கள்’ என்று சொல்ல வந்த பேச்சு அல்ல. அந்தத் திரையில் கடைகள் எப்படி வந்து நிற்கின்றன, எவை வராமல் போகின்றன என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஓட்டல் என்பது நம் இயக்கத்துக்குப் பழைய போராட்டக் களம். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் அது ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறை சென்றார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. அந்தப் போராட்டத்துக்கு ஒரு வசதி இருந்தது: கடைக்கு ஒரு தெரு இருந்தது, தெருவில் நின்று கேட்க முடிந்தது.

இப்போது வியாசர்பாடிக்கு வருவோம். என் ஆய்வுக்காக ஒரு பிரியாணிக் கடைக்கு ஓராண்டாகப் போய் வருகிறேன். கடை நடத்தும் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு பெஞ்ச், வாசலில் அடுப்பு. கோழிப் பிரியாணி 140 ரூபாய், மாட்டுப் பிரியாணி 110, வெறும் குஸ்கா 60. சுமை தூக்குகிறவர்கள் மதியம் வந்து குஸ்காவில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்வா ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுப் போவார்கள்.

பக்கத்தில் அடுக்குமாடிகள் வந்தன. அங்கே குடியிருப்பவர்கள் கடைக்கு நடந்து வருவதில்லை, ஆப்பில்தான் தேடுகிறார்கள். அக்காவும் சேர்ந்தார். சேர்த்துவிட வந்த விற்பனைப் பிரதிநிதி இரண்டு யோசனை சொன்னார். “மெனுவுல பீப் வேணாம்க்கா, ஆர்டர் விழாது.” அடுத்தது, “கடைப் பேர்ல வியாசர்பாடின்னு இருக்கே, அத எடுத்துடலாம்.” அக்கா இரண்டுக்கும் தலையாட்டினார். யாரும் மிரட்டவில்லை, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வியாபாரம் என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு அடையாளமும் போய்விட்டன.

சரி, அவருக்கு என்ன கிடைத்தது? அவருடைய ஒரு வாரக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். கடையில் 140க்கு விற்கும் கோழிப் பிரியாணிக்கு ஆப்பில் 190 என்று விலை வைத்தார். சலுகை இல்லாவிட்டால் கடை கீழே போய்விடும் என்றார்கள், அதனால் 20 சதவீதத் தள்ளுபடி. அது கடையின் கையிலிருந்து போவது. மிச்சம் 152. அவருடைய ஒப்பந்தப்படி அதில் 25 சதவீதம் கமிஷன், 38 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 7 ரூபாய். 5 சதவீத வரியில் இருக்கும் உணவகங்கள் இந்த 7 ரூபாயைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. டப்பா, பச்சடிக் கிண்ணம், பை எல்லாம் சேர்த்து 12. மேலே தெரிவதற்கான விளம்பரச் செலவைப் பங்கிட்டால் ஆர்டருக்கு 10. கையில் நிற்பது 85 ரூபாய். அதே பிரியாணியைப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு விற்றால் 140.

சாப்பிடுகிறவருக்கும் இது மலிவு இல்லை. 152க்கு மேல் 5 சதவீத வரி, டெலிவரிக் கட்டணம், பிளாட்பார்ம் கட்டணம் என்று அவர் தனியாகக் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கு கடையை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். 60 ரூபாய் குஸ்காவை ஆப்பில் விற்கவே முடியாது, டப்பாவும் கமிஷனும் அதைத் தின்றுவிடும். அதனால் சிக்கன் 65, முட்டை, குளிர்பானம் சேர்த்த ‘காம்போ’ வருகிறது. மதியம் ஒரு மணிக்கு ஆர்டர் மணி அடிக்க ஆரம்பித்தால் இருக்கிற ஓர் ஆள் டப்பா கட்டப் போய்விடுவார். சுமை தூக்குகிறவர் தட்டுக்குக் காத்திருப்பார். ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே டப்பா அடுக்கினார்கள். விலைப் பட்டியலில் குஸ்கா இன்னும் இருக்கிறது. அதைச் சாப்பிட உட்காரும் இடம்தான் பாதியாகிவிட்டது. ஆப்பில் வாங்கியவர் யார், எந்த எண் என்பதும் அக்காவுக்குத் தெரியாது. நூறு முறை வாங்கியவரும் அவருடைய வாடிக்கையாளர் இல்லை.

திரையில் அக்காவோடு போட்டியிடுவது பெரும்பாலும் கடையே இல்லாத கடை, கிளவுட் கிச்சன். ஒரே சமையலறையிலிருந்து பிரியாணிக்கு ஒரு பெயர், பீட்சாவுக்கு ஒரு பெயர். பாசோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி மூன்றும் ரெபெல் புட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். நீங்களே சரிபார்க்கலாம். ஆப்பில் கடைப் பக்கத்தின் அடியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். வெவ்வேறு பெயர்களில் ஒரே எண்ணும் ஒரே முகவரியும் வந்தால் அடுப்பு ஒன்றுதான். பத்துக் கடை பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக நாம் நினைக்கிறோம், சில நேரம் மூன்று அடுப்பைத்தான் பார்த்திருப்போம்.

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: யார் சமைக்கிறார் என்றே தெரியாத சமையலறை சாதியை உடைக்காதா? வாசல் வேண்டாம், வாடகைக்கு இடம் மறுக்கும் வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டாம் என்பது உண்மையிலேயே ஒரு வழிதான். அப்படிப் பிழைக்கும் பெண்களைச் சந்தித்திருக்கிறேன். ஆனால் ஆப்பில் ‘அய்யர்’, ‘அய்யங்கார்’ என்று தேடிப் பாருங்கள். சாதிப் பெயரே அங்கே விளம்பரம். ஒருவர் தன் சாதியைப் பெயரில் போட்டு விற்கலாம், இன்னொருவர் தன் ஊர்ப் பெயரையே எடுக்க வேண்டும். மறைவது எல்லாருக்கும் ஒரே மாதிரி மறைவதில்லை.

இங்கே பொத்தான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வெஜ்’ என்ற பொத்தான் தட்டைப் பார்க்கிறது. எந்தக் கடையாக இருந்தாலும் அங்கே கிடைக்கும் காய்கறிச் சாப்பாட்டைக் காட்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை, நம்மில் பலர் சைவம். ‘ப்யூர் வெஜ்’ பொத்தான் சமையலறையைப் பார்க்கிறது. கறி சமைக்கும் கடையில் தயிர் சாதம் இருந்தாலும் அந்தக் கடை முழுவதையும் கண்ணிலிருந்து எடுத்துவிடும். முதலாவது உணவு விருப்பம். இரண்டாவது, தீட்டு.

அது எங்கே போகும் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். ‘ப்யூர் வெஜ்’ கடைகளுக்கு மட்டும் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டியுடன் தனி டெலிவரி அணி என்று சொமாட்டோ அறிவித்தது. எதிர்ப்பு வந்தது, மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டார்கள். சிவப்புச் சட்டைக்காரர் அசைவம் கொண்டுவருகிறார் என்று குடியிருப்புகள் அவரை வாசலில் தடுக்கக்கூடும் என்பதும் அவர்களே சொன்ன காரணம். கவனியுங்கள், நிறத்தைத்தான் திரும்பப் பெற்றார்கள். தனி அணி என்ற எண்ணத்தை அன்று விடவில்லை.

முரளி கபேயில் எடுக்கச் சொல்ல ஒரு பலகை இருந்தது. இன்று கேட்டால், ‘வாடிக்கையாளர் விருப்பம், நாங்கள் பொத்தான் மட்டும்தான் வைத்தோம்’ என்பார்கள். ஆனால் பொத்தானை வைப்பதும் ஒருவர் எடுக்கும் முடிவுதான். அதனால் கேட்க வேண்டியதும் குறிப்பானது: சமையலறையைப் பிரிக்கும் பொத்தானை எடு, தட்டைப் பிரிக்கும் பொத்தானை வைத்துக்கொள்.

அக்கா இப்போது விளம்பரத்தை நிறுத்திவிட்டார். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் மட்டும் ஆப்பைத் திறக்கிறார். மதியம் பழையபடி பெஞ்சுக்கு. எடுத்த பெஞ்ச் திரும்பி வந்துவிட்டது. மாட்டுப் பிரியாணி இன்னும் ஆப்பில் ஏறவில்லை. போனில் கேட்பவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிறார். போன வாரம் நான் போனபோது ஆர்டருக்குக் காத்திருந்த இரண்டு டெலிவரித் தம்பிகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.