மரை போன எம்8 ஓட்டைக்கு எந்த ஹெலிகாயில்?

கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, காலேஜ் பசங்க பலர் பைக் இன்ஜினை வச்சு கார் கட்டுறாங்க. அந்த இன்ஜினைப் பலமுறை கழட்டி மாட்டணும். அலுமினியத்தில் இறங்கும் எம்8 போல்ட்டோட மரை ஒருநாள் உரிஞ்சு வந்துடும். அதைச் சரிபண்ணத்தான் ஹெலிகாயில், அதாவது ஸ்பிரிங் மாதிரி சுருட்டின ஸ்டீல் கம்பி மரை.

முதல்ல ஓட்டை. எம்8-க்கு பிட்ச் 1.25 மி.மீ. டிரில் 8.3 அல்லது 8.4 மி.மீ. "எப்படியும் பெருசாத்தானே ஆக்கணும்"னு 9 மி.மீ. போட்டா, புது மரையோட உயரத்தில் பாதிகூடத் தேறாது. டைட் பண்ணும்போது காயில் போல்ட்டோடவே வெளியே வந்துடும். மரையோட முனை கூர்மையா இல்லாம அகலமா, தட்டையாத் தெரிஞ்சா ஓட்டை பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். டேப்பும் ஹெலிகாயிலுக்குன்னே வரும் எஸ்.டி.ஐ. டேப்பா இருக்கணும். சாதா எம்10 டேப்போட பிட்ச் 1.5, அந்த மரையில் இந்தக் காயில் உட்காராது.

அடுத்தது நீளம். கடையில் "1டி, 1.5டி, 2டி"னு கேப்பாங்க. டி-ன்னா போல்ட்டோட விட்டம். எம்8-க்கு 1.5டி 12 மி.மீ., 2டி 16 மி.மீ. இது உள்ளே உட்கார்ந்த பிறகு வரும் நீளம். வெளியே இருக்கும்போது காயில் குண்டா, குட்டையா இருக்கும். அதை வெர்னியர்ல அளந்து குழம்பிக்காதீங்க.

ஒரு கணக்குப் போடலாம். ஓட்டை அடிமுட்டும் ஓட்டை, ஆழம் 18 மி.மீ. அதுக்குக் கீழே டிரில் போனா ஆயில் பக்கம் துளை விழும். போல்ட் உள்ளே போறது 14 மி.மீ. 2டி போடலாமா? முழு மரை, காயில் நீளத்தைவிட ஒரு பிட்ச் அதிகமா வேணும்: 17.25. டேப்போட நுனியில் வெட்டு சரிவா இருக்கிறதால, அங்கே மரை அரைகுறையாத்தான் விழும். அதுக்கு மிச்சம் முக்கால் மி.மீ. பத்தாது. தவிர, கடைசிச் சுத்துகளை போல்ட் தொடவே தொடாது.

1.5டி-க்கு முழு மரை 13.25 போதும். இரண்டாவது டேப்புக்கு நுனிச் சரிவே நாலு சுத்து, அதாவது 5 மி.மீ.; கூட்டினா 18.25, கால் மி.மீ. இடிக்குது. அதனால கடைசியா பாட்டமிங் டேப் போடணும். அதுக்கு ரெண்டு சுத்துன்னு வச்சா 15.75, தாராளமா அடங்குது.

காயிலை மேல்மட்டத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுத்து வரை இறக்குங்க. இங்கே போல்ட் காயிலைத் தாண்டிப் போறதால, அடியில் குறுக்கே இருக்கும் டாங் கம்பியை உடைச்சு, கட்டாயம் வெளியே எடுத்துடணும். எடுக்கலைன்னா போல்ட் அதுமேல முட்டி, டைட் ஆனமாதிரி காட்டும். ஆனா பார்ட் லூஸாவே இருக்கும்.

ஆக, டிரில் மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டே அளவு எடுங்க: ஓட்டையோட ஆழம், போல்ட் இறங்குற தூரம். எந்த நீளம் வாங்கணும்ங்கிறது அதுலயே தெரிஞ்சுடும்ங்க.