சூதாடியின் கையும் பகடையும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஆடிய பகடையாட்டத்தைக் கண்டு, சமூகவியலறிஞர் ஜேம்ஸ் ஹென்ஸ்லின் 1967-இல் எழுதினார். சிறிய எண் வேண்டுவோர் பகடையை மெல்ல உருட்டினர். பெரிய எண் வேண்டுவோர் வேகமாக வீசினர். கையின் விசைக்கு எண் பணியும் என்பது அவர்தம் நம்பிக்கை.

அது மெய்யெனத் தோன்றுவது ஏன்? ஒரு பகடையை 60 முறை வேகமாக வீசினால், ஆறு என்னும் எண் ஏறத்தாழ 10 முறை விழும். அந்தப் பத்தையும் ஆடுபவர் தம் கைத்திறன் என்பார். ஏனைய ஐம்பதையும், மனம் ஒன்றவில்லை என்று தள்ளுவார். ஆகவே தோல்வியும் அவருடைய நம்பிக்கையைக் குலைப்பதில்லை.

மெல்ல உருட்டிய 60 முறையையும் வேகமாக வீசிய 60 முறையையும் ஒன்றுவிடாமல் எழுதி ஒப்பிட்டால், இரண்டிலும் ஆறு ஏறக்குறைய ஒரே அளவிலேயே விழுந்திருக்கும். வென்ற வீச்சை மட்டும் நினைவில் வைப்பவருக்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை.