பாஸ்வேர்டு தப்பில்லை, தேதிதான் தப்பு

(கூட்டமைப்பின் கணக்காளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மூணு மாதமாக கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கிறது. "அக்கா, ஆப் உள்ளே போக மாட்டேங்குது. பாஸ்வேர்டை மாத்திக் குடுங்க" என்று கேட்கிறார்கள். நாங்கள் நேரில் போய்ப் பார்த்தால் பல இடத்தில் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. போனில் தேதி தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் செயலி பழசாக இருக்கும். இன்றைக்கு அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எங்கள் வட்டாரத்தில் 12 பேர் உள்ள ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, வாரக் கூட்டம். சேமிப்பு ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். கடன் தவணை 5 பேர் ஆளுக்கு 1,500 வீதம் 7,500 ரூபாய். மொத்தம் 9,900 ரூபாய் வசூல். அதோடு, அதற்கு முந்தின இரண்டு கூட்டத்தின் கணக்கும் சிக்னல் இல்லாமல் போனிலேயே நின்றிருந்தது, மேலே போய்ச் சேரவில்லை. கணக்காளர் உள்ளே போகப் பார்த்தால் "சர்வருடன் இணைக்க முடியவில்லை, இணையத்தைச் சரிபார்க்கவும்" என்று வருகிறது. சிக்னல் நாலு கோடு நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊக்குநர் போனில் அதே செயலி நன்றாக வேலை செய்கிறது.

கணக்காளரின் தம்பி, "ஆப்பை அழிச்சிட்டு புதுசா போட்டா சரியாயிடும்" என்று போனை வாங்கப் போனான். அந்த நேரத்தில் ஒரு மூத்த உறுப்பினர், படிப்பு அவ்வளவாக இல்லாதவர், போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னைக்கு செவ்வாய்க்கிழமைதானே? இதுல வியாழன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். முதல் வாரம் அந்த போனுக்கு பேட்டரி உப்பிப் போய் கடையில் புது பேட்டரி போட்டிருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றியதும் போனின் கடிகாரம் பழைய ஏதோ ஒரு தேதிக்குப் போய்விட்டது. கடைப் பையன் சிம் போடாமலே நாள், மாதம், மணி மூன்றையும் கையால் சரி செய்து கொடுத்தான். வருஷத்தை மாற்றவில்லை. போன் 2021-லேயே நின்றது. போனின் முகப்பில் நாளும் மாதமும் கிழமையும்தான் தெரியும், வருஷம் தெரியாது. அதனால் "நவம்பர் 11" என்று பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2021-இல் நவம்பர் 11 வியாழக்கிழமை. கிழமைதான் காட்டிக் கொடுத்தது.

தேதி தப்பானால் செயலி ஏன் உள்ளே விடாது என்று சிலர் கேட்டீர்கள். பஸ் பாஸை நினைத்துக் கொள்ளுங்கள். பாஸில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று அச்சடித்திருக்கும். கண்டக்டர் அதைப் பார்த்து, தன் கையில் உள்ள தேதியோடு ஒத்துப் பார்ப்பார். இங்கே கண்டக்டர் நம்ம போன். செயலி பேசப்போகிற சர்வர், தான் நிஜமான சர்வர்தான் என்று ஒரு சான்றிதழைக் காட்டும். அதிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். போன் 2021-இல் நிற்கிறது, சான்றிதழ் 2025-இல் தொடங்குகிறது. "இது இன்னும் தொடங்காத சான்றிதழ், நம்ப மாட்டேன்" என்று போனே கதவைச் சாத்திவிடும். நம்ம பாஸ்வேர்டு சர்வர் வரைக்கும் போகவே இல்லை. அப்புறம் அதை எத்தனை தடவை அடித்து என்ன?

தேதி முன்னால் போயிருந்தாலும் இதே கதைதான். அப்போது சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று போன் நினைக்கும். வீட்டுப் பிள்ளைகள் சில விளையாட்டுகளில் 'லைப்' சீக்கிரம் வரவேண்டும் என்று தேதியைத் தள்ளி வைப்பார்கள், திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். பிள்ளையை அடிக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? செயலியில் வருகிற வாசகத்தை முதலில் நிதானமாகப் படியுங்கள். பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு என்று தெளிவாகச் சொன்னால், அது பெரும்பாலும் பாஸ்வேர்டு சங்கதிதான். சர்வர், இணையம், இணைப்பு என்று சொல்லி, பக்கத்து போனில் அதே செயலி வேலை செய்தால் தேதியைச் சந்தேகப்படுங்கள். சில செயலிகள் உள்ளே விட்ட மறுநிமிஷமே வெளியே தள்ளி, மறுபடி நுழையச் சொல்லும். அதுவும் கடிகாரக் கோளாறாக இருக்கலாம். சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. குரோமைத் திறந்து ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போங்கள். தேதி பின்னால் இருந்தால் "Your clock is behind" என்றும், முன்னால் இருந்தால் "Your clock is ahead" என்றும் வரும். கீழே NET::ERR_CERT_DATE_INVALID என்று எழுதியிருந்தாலும் அர்த்தம் அதேதான்.

சரி செய்வது சுலபம். போனில் Settings திறந்து, மேலே தேடுகிற இடத்தில் date என்று அடியுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனிலும் இது ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் தேடுவதுதான் நல்லது. Date & time உள்ளே போனால், தேதியையும் நேரத்தையும் தானாக எடுத்துக்கொள்ளும் பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ஏற்கெனவே ஆனில் இருந்தால் ஒருமுறை ஆப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். சிம் உள்ளே இருக்கவேண்டும், டவர் கிடைக்கவேண்டும். அப்படியும் மாறவில்லை என்றால் ஏரோப்ளேன் மோடை ஒரு நிமிஷம் போட்டு எடுங்கள்.

டவரே இல்லாத ஊரில் கையால்தான் வைக்கவேண்டும். அப்போது வருஷம், மாதம், நாள், மணி நாலையும் பாருங்கள். காலையா மாலையா என்பதையும் பாருங்கள், AM, PM மாறினால் 12 மணி நேரம் தப்பு. இன்னொன்று, நேர மண்டலம் GMT+05:30, இந்தியா என்று இருக்கவேண்டும். வேறு நாட்டு மண்டலம் இருந்துவிட்டால், முகப்பில் மணி சரியாகத் தெரிந்தாலும் போனின் உள்கணக்கு பல மணி நேரம் தள்ளி நிற்கும். இதை நாங்கள் இரண்டு போன்களில் பார்த்தோம்.

அந்தக் குழுவுக்கு வருவோம். வருஷத்தைச் சரி செய்ததும் செயலி சர்வரோடு பேசியது. ஆனால் உள்ளே விடவில்லை! இப்போது வேறு வாசகம் வந்தது, புதிய பதிப்புக்கு மாறவும் என்று. அங்கிருந்தவர்களுக்குச் சலிப்பாகிவிட்டது. உண்மையில் இது முன்னேற்றம். முதல் கதவு திறந்தது, இரண்டாவது கதவு தெரிந்தது. சர்வரில் படிவம் மாறியிருக்கும், புதுக் கட்டம் சேர்த்திருப்பார்கள். பழைய செயலி அனுப்புகிற கணக்கை அது வாங்கிக்கொள்ளாது.

அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறோம். முதலில் தேதி, அப்புறம் அப்டேட். தேதி தப்பாக இருக்கும்போது பிளே ஸ்டோரே சரியாக வேலை செய்யாது, சுற்றிக்கொண்டே நிற்கும். தேதி ரொம்ப முன்னால் போயிருந்தால் வாட்ஸ்அப் மாதிரி சில செயலிகள், புதுசாக இருந்தாலும் "இந்தப் பதிப்பு காலாவதி" என்று சொல்லும். அப்போது அப்டேட் தேடிப் பிரயோஜனம் இல்லை.

பிளே ஸ்டோரில் செயலியின் பெயரைத் தேடினால் Update என்று இருக்கும், அதை அழுத்தவேண்டியதுதான். Open என்று மட்டும் இருந்தால் உங்கள் போனுக்கு அங்கே கிடைக்கிற பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். புதிய பதிப்பு எல்லா போனுக்கும் ஒரே நாளில் வந்து சேராது, ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். இடம் இல்லை என்று சொன்னால் வாட்ஸ்அப் வீடியோக்களை அழியுங்கள். குழுச் செயலியைத் தொடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். Update செய்தால் போனில் சேமித்த கணக்கு அப்படியே இருக்கும். Uninstall செய்தால், அல்லது Clear data, Clear storage என்பதை அழுத்தினால், மேலே போய்ச் சேராத கணக்கு எல்லாம் அழிந்துவிடும். Clear cache அழுத்தினால் பரவாயில்லை. அந்தத் தம்பி சொன்னபடி அன்றைக்கு அழித்திருந்தால் இரண்டு கூட்டத்தின் பதிவு போயிருக்கும். தீர்மான நோட்டில் எழுதி வைத்திருந்தால் திரும்ப ஏற்றலாம், நோட்டு இல்லாத குழு என்ன செய்யும்? பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் வேண்டாம். சில செயலிகளில் சில தடவை தப்பினால் கணக்கே பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க மேலே எழுதிக் கேட்கவேண்டும்.

அப்டேட் முடிந்ததும் அந்தக் கணக்காளர் நேரே அனுப்பு பொத்தானை அழுத்தப் போனார். நாங்கள் நிறுத்தச் சொன்னோம். பேட்டரி மாற்றிய பிறகு போட்ட பதிவு ஒன்று உள்ளே இருந்தது, அதில் கூட்டத் தேதி 2021 என்று விழுந்திருந்தது. தவணை நாலு வருஷம் முன்னாடி கட்டியதாகப் போனால் வட்டிக் கணக்கு என்ன ஆகும்? நோட்டை வைத்துக்கொண்டு தேதியைத் திருத்தி, அப்புறம்தான் அனுப்பினார். 9,900 ரூபாயும் அன்றே ஏறியது. தேதி தப்பாக இருந்த நாட்களில் ஏதாவது பதிந்திருந்தால், அனுப்புவதற்கு முன்னால் எல்லோரும் இதைப் பாருங்கள்.

"அப்டேட் ஆகலையா, இந்த லிங்கை அழுத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பைல் வந்தால், .apk என்று முடிந்தால், யார் அனுப்பியிருந்தாலும் போடாதீர்கள். அப்படிப் போட்டுப் பணம் இழந்தவர்கள் நிறைய பேர். போட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யவேண்டும், வங்கிக்கும் சொல்லவேண்டும்.

கடைசியாக, ரொம்பப் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு. பிளே ஸ்டோரில் "Your device isn't compatible with this version" என்று வந்தால், அந்த போனில் புதிய பதிப்பு ஏறாது, தேதியை மாற்றினாலும் ஏறாது. வேறு போனுக்கு மாறத்தான் வேண்டும். பழைய போனிலிருந்து கணக்கு மேலே போகாது என்பதால், அதில் நிற்கிற பதிவு ஒவ்வொன்றையும் திரையில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, இன்னொருவர் சரிபார்த்த பிறகு புது போனில் ஏற்றுங்கள். அதுவரை பழைய போனில் எதையும் அழிக்காதீர்கள். இந்த நிலையில் எந்தக் குழு இருக்கிறதோ, அந்தக் கணக்காளர் கூட்டம் முடிந்ததும் நோட்டோடு எங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.